தரையைப் பிடித்தோம், சுவரை விட்டோம்

மாடி அறையின் மூலையில், சுவரும் கூரையும் சேரும் இடத்தில், ஐப்பசி மழைக்குப் பிறகு பழுப்பாக ஒரு கறை படரும். தைக்குள் காய்ந்துவிடும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அதன் மேல் கொஞ்சம் பட்டி பார்த்து மறைத்துவிடுவோம். அடுத்த ஐப்பசியில் அதே மூலையில், இன்னும் ஒரு சாண் அகலமாக வரும். அப்போதுதான் மேஸ்திரிக்குப் போன் போடுகிறோம். அவர் மொட்டைமாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சார், கைப்பிடிச்சுவரையும் சேர்த்துப் பிடிச்சாத்தான் நிக்கும்" என்பார். "இந்தத் தடவை தரையை மட்டும் போடுங்க மேஸ்திரி, சுவரை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று நாமே சொல்லி அனுப்பியிருக்கிறோம். அவர் மேல் பழி போடுவதற்கு முன்னால் இதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒழுகினால் கூரைதான் ஒழுகுகிறது என்று முடிவு கட்டிவிடுகிறோம். கறை எங்கே இருக்கிறது என்று கூர்ந்து பார்ப்பதில்லை. கூரையின் நடுவில் கறை என்றால் தளத்தில் கோளாறு இருக்கலாம். சுவரை ஒட்டியே, நீளவாக்கில் ஓடுகிறது என்றால், தண்ணீர் பெரும்பாலும் கைப்பிடிச்சுவரின் அடியில் இருந்துதான் வருகிறது. வீட்டுக்கு வெளியே தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால் போதும். கான்கிரீட் தளம் முடிந்து செங்கல் தொடங்கும் இடத்தில், வீட்டைச் சுற்றி நூல் பிடித்ததுபோல் ஒரு விரிசல் ஓடும். தினமும் வண்டியை நிறுத்திவிட்டு வாசல் கதவைத் திறக்கிற நாம் ஒருநாளும் அண்ணாந்து பார்த்ததில்லை.

அந்த விரிசல் கொத்தனாரின் கைக்குறை மட்டுமல்ல. சித்திரை வெயிலில் கான்கிரீட் தளம் விரிகிறது, இரவில் சுருங்குகிறது. முப்பது அடி நீளத் தளம் இருபத்தைந்து டிகிரி வெப்ப மாறுதலுக்கு இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அதன் மேல் உட்கார்ந்திருக்கும் செங்கல் சுவர் அந்த அளவுக்கு நீளாது. இரண்டுக்கும் நடுவே உள்ள சாந்து வெறும் சிமெண்ட் என்பதால் வளைந்து கொடுக்கத் தெரியாமல் வெடித்துவிடுகிறது. வெடிப்பது இயற்கை. வெடித்தாலும் தண்ணீர் புகாதபடி மூலையை மூடி வைத்தோமா என்பதுதான் கேள்வி.

பழைய கொத்தனார்களுக்கு அது தெரிந்திருந்தது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, தட்டோடு பதித்த அந்தக் காலத் தளத்தில், தரை சுவரைத் தொடும் இடம் செங்கோணமாக இருக்காது. மூன்று அங்குல ஆரத்தில் வளைத்து, சுவரில் அரை அடி உயரம் வரை ஏற்றி, சுவருக்குள் வெட்டிய காடியில் கொண்டுபோய்ச் சொருகிவிடுவார்கள். தண்ணீர் மூலையில் தேங்க இடமில்லை, பூச்சின் மேல் விளிம்பு வழியாகப் பின்னால் இறங்கவும் வழியில்லை. காடி வெட்ட ஒரு ஆளுக்கு நாள் முழுக்க ஆகும் என்றதும் நாம் அதை வேண்டாம் என்றோம். பூச்சு சுவரில் இரண்டு அங்குலம் ஏறியதும் நின்றது. விளிம்பு ஒரு கோடையிலேயே உரிந்து வாய் பிளந்தது.

தரையைத் திரும்பத் திரும்பப் போட்டதில் இன்னொன்றும் நடந்தது. அதை நாம் கணக்கில் எடுக்கவே இல்லை. நம் தெருக்களில் எங்கும் பார்க்கக்கூடிய ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கான்கிரீட் தளத்திலிருந்து மூன்றடி, அதாவது முப்பத்தாறு அங்குலம் சுவர் கட்டினோம். ஜல்லியும் தட்டோடும் சேர்ந்து ஐந்து அங்குலம் எடுத்துக்கொண்டது. பத்து வருடம் கழித்து ஒழுகியபோது, பழையதை உடைக்கச் சோம்பல்பட்டு, அதன் மேலேயே சாந்து கொட்டி வெள்ளை நிறக் குளிர் ஓடு பதித்தோம். அது இரண்டு அங்குலம். இப்போது மிஞ்சிய சுவர் இருபத்தொன்பது அங்குலம். வளர்ந்த ஆளுக்கு இடுப்பு வரைகூட வராது. துணி உலர்த்தும்போது கொஞ்சம் எட்டிக் குனிந்தாலே பாதி உடல் வெளியே போய்விடும். முடிந்த தரையிலிருந்து ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது தேசியக் கட்டட விதித் தொகுப்பு. அப்படியென்றால் தொடக்கத்திலேயே தளத்திலிருந்து மூன்றேமுக்கால் அடி கட்டியிருக்க வேண்டும். ஒழுகலுக்கு வைத்தியம் பார்க்கப் போய், பேரப்பிள்ளைகள் ஓடி விளையாடும் மாடியின் வேலியைத் தாழ்த்தி வைத்திருக்கிறோம். ஒழுகலும் நிற்கவில்லை.

சுவரின் தடிமனிலும் நம் கைவரிசை உண்டு. ஒன்பது அங்குலம் கேட்டவரிடம் நாலரை போதும் என்றோம். இரண்டு பக்கமும் வெயிலும் மழையும் படுகிற, மேலே பிடிமானமே இல்லாத சுவர் அது. அரைச்செங்கல் சுவரே ஆனாலும் ஆறேழு அடிக்கு ஒரு தூண் நிறுத்தி, தலையில் கம்பி வைத்த மூன்று அங்குலக் கான்கிரீட் பட்டை ஓட்டியிருந்தால் நின்றிருக்கும். நாம் சாந்தைத் தடவி மழுப்பிவிட்டோம். பிறகு அதன் மேலேயே துளை போட்டு டிஷ் ஆன்டெனாவையும் துணிக்கொடிக் கம்பியையும் நட்டோம். ஒவ்வொரு துளையும் மழைத்தண்ணீருக்குத் திறந்துவிட்ட வழி. சுவருக்குள் இறங்கிய தண்ணீர் அடிமூலைக்குத்தான் வந்து சேரும். அங்கே முளைத்த அரசங்கன்றைக் கையால் கிள்ளிப் போட்டுவிட்டு, வேரை உள்ளேயே விட்டுவிட்டும் வந்திருக்கிறோம்.

இதைச் சரிசெய்ய வீட்டை இடிக்க வேண்டியதில்லை. முதலில் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். மாடியின் தண்ணீர்க் குழாய்களை அடைத்து, மூலையைத் தொடாதபடி நடுத்தரையில் மட்டும் சிறு வரப்பு கட்டி இரண்டு நாள் தண்ணீர் நிறுத்திப் பார்க்கலாம். கீழே கறையின் விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். கோட்டைத் தாண்டவில்லை என்றால், அடுத்து மூலையில் மட்டும் ஹோஸ் பிடித்துப் பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் சுவரின் தலையில் விட வேண்டும். முதலிலேயே மேலே விட்டால் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்து, எது குற்றவாளி என்று தெரியாமல் போய்விடும்.

மூலைதான் என்று தெரிந்தால், சுவரை ஒட்டி ஓரடி அகலத்துக்கு ஓட்டை எடுத்து, ஓரடி உயரத்துக்குப் பூச்சைக் கொத்த வேண்டும். விரிசலைச் சிமெண்டால் அடைக்காமல் இழுபடும் சீலன்ட்டால் அடைத்து, மூலையை வளைத்துப் பூசி, கண்ணாடி இழை வலையை நடுவில் வைத்து இரண்டு கோட் நீர்காப்புப் பூச்சை முடிந்த தரைக்கு மேல் அரை அடி ஏற்றி, காடிக்குள் முடிக்க வேண்டும். சுவர்த் தலையில் போடும் பட்டை மாடிப்பக்கம் வாட்டமாகச் சரிந்து, இரண்டு பக்கமும் இரண்டு அங்குலம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நீட்டலின் அடியில் ஒரு விரல் அகலக் காடி இருந்தால், தண்ணீர் சுவரில் வழியாமல் அங்கேயே சொட்டிவிடும். தாழ்ந்துபோன உயரத்தை ஈடுகட்டக் கம்பிக் கைப்பிடி வைப்பதென்றால், அதைச் சுவரின் தலையில் துளைக்காமல் தூண்களின் உள்முகத்தில் பொருத்தச் சொல்ல வேண்டும். தூண் இல்லாவிட்டால் அதை எழுப்பிவிட்டுத்தான் கைப்பிடி.

வேலையைச் சித்திரை வைகாசியில் வைத்துக்கொண்டால் எல்லாம் நன்றாகக் காயும், விரிசலும் தெளிவாகத் தெரியும். புது ஓடு பதிப்பதாக இருந்தால், பழையதை உடைத்துக் கீழே இறக்கும் கூலியையும் மேஸ்திரியிடம் முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது. அந்தக் கூலியை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் ஒவ்வொரு முறையும் இரண்டு அங்குலம் சுவரை இழந்தோம்.