வீட்டில் பழுப்பது மாம்பழம் மட்டும்தான்

“ரெண்டு நாள் வீட்டுல வைங்கக்கா, தானா பழுத்துடும்.” பழக்கடையில் இந்த வார்த்தையைக் கேட்காதவர்கள் நம்மில் குறைவு. மாங்காயைக் காட்டி இப்படிச் சொன்னால் நம்பலாம். அன்னாசியையோ தர்பூசணியையோ காட்டிச் சொன்னால், காசைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

காரணம் எளிமையானது. மாங்காய் மரத்தில் இருக்கும்போதே தனக்குள் மாவுச்சத்தைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. பறித்த பிறகு எத்திலீன் என்ற வாயுவைத் தானே வெளியிட்டு, அந்த மாவைச் சர்க்கரையாக மாற்றுகிறது. அன்னாசியிலும் தர்பூசணியிலும் அப்படிச் சேமிப்பு ஒன்றும் இல்லை. செடியிலிருந்தும் கொடியிலிருந்தும் இனிப்பு வந்துகொண்டே இருக்க வேண்டும். வெட்டிய நாளோடு அந்த வரவு நின்றுவிடுகிறது. பிறகு தோல் மஞ்சளாகலாம், சதை மென்மையாகலாம், இனிப்பு மட்டும் கூடாது. ஆகவே இந்த இரண்டையும் கடையிலேயே பார்த்து வாங்க வேண்டும். மாங்காயை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒரு விருந்து என்று வைத்துக்கொள்வோம். மூன்று பழமும் அன்று இனிப்பாக இருக்க வேண்டும். எதை, எப்போது, எப்படி வாங்குவது?

முதலில் மாங்காய். அதைப் புதன்கிழமையே வாங்கிவிடுங்கள். காயாக இருந்தால் பரவாயில்லை, ஆனால் முற்றிய காயாக இருக்க வேண்டும். காம்பைச் சுற்றியுள்ள தோள்பகுதியைப் பாருங்கள். இரண்டு பக்கமும் தோள் புடைத்து எழுந்து, காம்பு சிறு குழிக்குள் இருப்பதுபோல் தெரிந்தால் காய் முற்றிவிட்டது. காம்பிலிருந்து தோள் சரிந்து இறங்கி, கன்னம் ஒட்டித் தட்டையாக இருந்தால் அது பிஞ்சு. பிஞ்சை எத்தனை நாள் வைத்தாலும் சுருங்குமே தவிர இனிக்காது. அதை ஊறுகாய்க்கு விட்டுவிடுங்கள். வீட்டு மரத்தில் பறித்த காயில் சந்தேகம் இருந்தால் ஒரு வாளித் தண்ணீரில் போடுங்கள். முற்றிய காய் பெரும்பாலும் மூழ்கும், பிஞ்சு மிதக்கும்.

மாம்பழத்தின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். பெர்லிஸின் ஹரும் மானிஸ் பழுத்த பிறகும் பச்சையாகத்தான் தெரியும். அதே சமயம், ஒரு கூடை முழுவதும் ஒரே மாதிரி பளிச்சென்ற மஞ்சளாக இருந்து, மூக்கருகே கொண்டுபோனால் வாசம் இல்லை, தொட்டால் கல்லாக இருக்கிறது என்றால், அது கார்பைடுக் கல் வைத்துத் தோலை மட்டும் மஞ்சளாக்கியதாக இருக்கலாம். உள்ளே புளிப்பு அப்படியே இருக்கும். இந்தியாவில் கார்பைடு வைத்துப் பழுக்கவைப்பதற்குத் தடை உள்ளது. அதிலிருந்து வரும் வாயுவில் ஆர்சனிக் போன்ற நச்சு கலந்திருக்கலாம் என்பதே காரணம். அப்படிப்பட்ட கூடையைத் தாண்டிப் போய்விடுங்கள்.

வாங்கிவந்த காயை எங்கே வைப்பது? அந்தக் காலத்தில் தோட்டத்து லயத்து வீடுகளில் பாட்டிமார் அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பார்கள். நெல் விளையும் நம் தஞ்சோங் காராங் பக்கம் வைக்கோலுக்கும் பஞ்சமில்லை. இரண்டும் செய்வது ஒரே வேலைதான்: காய் விடும் எத்திலீன் வெளியே ஓடிவிடாமல் பக்கத்திலேயே பிடித்து வைக்கின்றன. இன்று அரிசிப் பானை இல்லாதவர்கள், காயை ஈரம் போகத் துடைத்து, பழைய நாளிதழில் சுற்றி, ஓர் அட்டைப் பெட்டியில் அடுக்குங்கள். நன்றாகப் பழுத்த வாழைப்பழம் ஒன்றைக் கூடவே வையுங்கள். வாழைப்பழமும் எத்திலீன் விடும். அதனால் வேலை சீக்கிரம் நடக்கும். நம் ஊர் வெப்பத்தில் முற்றிய காய் மூன்று முதல் ஐந்து நாளில் பழுத்துவிடும்.

இதில் மூன்று இடத்தில் கவனம் வேண்டும். பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள். காற்று இல்லாமல், வேர்த்து, பூஞ்சை பிடிக்கும். காயாக இருக்கும்போது குளிர்பெட்டியில் வைக்காதீர்கள். குளிர் தாக்கிய காயின் தோல் சாம்பல் நிறத்தில் புள்ளி விழுந்து, பிறகு வெளியே எடுத்தாலும் சரியாகப் பழுக்காது. மூன்றாவது, தினமும் ஒருமுறை திறந்து பாருங்கள். காம்பருகே மூக்கை வைத்தால் வாசம் வர வேண்டும், அங்கே விரலால் மெல்ல அழுத்தினால் சற்று இணங்க வேண்டும். அப்படிப் பழுத்ததை எடுத்துக் குளிர்பெட்டிக்கு மாற்றலாம். இரண்டு மூன்று நாள் தாங்கும். அழுகத் தொடங்கிய ஒன்று இருந்தால் உடனே நீக்குங்கள், இல்லாவிட்டால் பெட்டி முழுவதும் கெடும்.

அடுத்து அன்னாசி. அதைச் சனிக்கிழமை வாங்குங்கள். தலைகீழாகத் திருப்பி அடிப்பாகத்தை முகர்ந்து பாருங்கள். இனிய வாசம் வந்தால் எடுக்கலாம். வாசமே இல்லை என்றால் பழுக்கவில்லை. கள் போலப் புளித்த நெடி அடித்தால் கடந்துவிட்டது. கண்கள் அகன்று தட்டையாக இருப்பதும், அளவுக்கு மீறிய கனம் இருப்பதும் நல்ல அடையாளம். நிறம் அடியிலிருந்து மேலே ஏறும். ஆனால் ரகத்துக்கு ரகம் கணக்கு மாறும். எம்டி2 தோலில் பச்சை மிச்சமிருக்கும்போதே உள்ளே இனித்திருக்கக்கூடும். அதனால் கடைக்காரரிடம் ரகத்தைக் கேட்டுவிட்டு, முடிவை மூக்கிடம் விடுங்கள். நடு இலையைப் பிடுங்கிப் பார்ப்பது நம்பத்தக்க சோதனை அல்ல.

அன்னாசியைத் தலைகீழாக நிறுத்தினால் இனிப்பு மேலே இறங்கும் என்பார்கள். அப்படி எதுவும் நடப்பதில்லை. அடிப்பாகம்தான் எப்போதும் இனிப்பு அதிகம், கொண்டைப் பக்கம் குறைவு. வட்ட வட்டமாக வெட்டாமல் நீளவாக்கில் வெட்டினால் எல்லார் தட்டுக்கும் இனிப்பு சமமாகப் போகும். புளிப்பாகவே அமைந்துவிட்டால் பழுக்கவைக்க முயலாமல் பச்சடிக்கோ ரசத்துக்கோ போட்டுவிடுங்கள்.

கடைசியாக தர்பூசணி. இதில் வாசமும் உதவாது, அழுத்தலும் உதவாது. பழத்தைத் திருப்பி, தரையில் படுத்திருந்த இடத்தைத் தேடுங்கள். அந்தத் திட்டு வெண்ணெய் போன்ற மஞ்சளாக இருந்தால் கொடியில் போதிய நாள் கிடந்திருக்கிறது. வெள்ளையாகவோ இளம்பச்சையாகவோ இருந்தால் அவசரப்பட்டு அறுத்திருக்கிறார்கள். தோலில் பளபளப்பு குறைந்து மங்கியிருப்பதும் நல்லது. ஒரே அளவுள்ள இரண்டைக் கையில் தூக்கிப் பார்த்துக் கனமானதை எடுங்கள். தட்டிப் பார்ப்பதில் பழகிய காது வேண்டும்: பழுத்தது ஆழமாக முழங்கும், காய் கணீரென்று ஒலிக்கும், கடந்தது மொத்தென்று கேட்கும். காது பழகாதவர்கள் மஞ்சள் திட்டையே நம்பலாம்.

அதிலும் சந்தேகமா? பாதியாக வெட்டி வைத்திருப்பதை வாங்குங்கள். சதை நிறம் அடர்ந்து, விதையுள்ள ரகமானால் விதை கறுத்திருக்க வேண்டும். சதை மாவுபோல் உதிர்ந்து, விதையைச் சுற்றி வழவழப்பாக இருந்தால் கடந்துவிட்டது. வெட்டிய பழத்தை வீட்டுக்கு வந்ததும் மூடிக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள்.

ஆக, புதன்கிழமை மாங்காய், சனிக்கிழமை அன்னாசியும் தர்பூசணியும். அடுத்த முறை கடைக்காரர் “தானா பழுத்துடும்” என்று சொல்லும்போது, அவர் கையில் இருப்பது எந்தப் பழம் என்று மட்டும் பாருங்கள்.