ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதமா?

சமையலறையில் உண்மையாக இருக்கும் ஒரு பழமொழி நூற்பட்டியலில் பொய்யாகிவிடுகிறது. பானையில் உள்ள அரிசியெல்லாம் ஒரே தண்ணீரில், ஒரே தீயில் வேகிறது. அதனால் ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தால் போதும். பட்டியலில் உள்ள பதினைந்து புத்தகங்களும் தனித்தனி அடுப்பில் வெந்தவை. ஒன்று சரியாக இருப்பதால் அடுத்தது சரியாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இது தெரியாமல், "இரண்டு மூன்றைப் பார்த்தேன் சார், சரியாகத்தான் இருந்தது" என்று சொல்கிறவர்கள் மேல் எனக்குள்ள கோபம் பழைய கோபம். ஒரு கல்லூரி நூலகத்தில் முப்பது வருடம் அட்டைப் பெட்டிகளோடு வாழ்ந்தவனுக்கு அந்தக் கோபம் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அமெரிக்காவில் 2025 மே மாதம் நடந்ததைப் பாருங்கள். சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழ் ஞாயிற்றுக்கிழமை இணைப்பு ஒன்றில், கோடைக்காலத்தில் படிக்கப் பதினைந்து புத்தகங்கள் என்று ஒரு பட்டியல் வந்தது. ஃபிலடெல்ஃபியாவிலிருந்து வரும் இன்னொரு பெரிய நாளிதழிலும் அதே இணைப்பு. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஆசிரியர் பெயர், இரண்டு வரிக் கதைச் சுருக்கம், எல்லாம் அழகாக. அந்தப் பதினைந்தில் முதல் பத்துப் புத்தகங்களை உலகத்தில் யாரும் எழுதவே இல்லை. கடைசி ஐந்து மட்டும் உண்மையான புத்தகங்கள். ரே பிராட்பரியின் 'டேண்டிலையன் வைன்', இயன் மெக்யூவனின் 'அடோன்மென்ட்' போன்றவை அந்த ஐந்தில் அடக்கம்.

எங்கள் பழமொழிக்காரர் பட்டியலின் கடைசியிலிருந்து மூன்றை எடுத்துப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மூன்றுக்கு மூன்று. "பதம் சரி" என்று பானையை இறக்கியிருப்பார்.

பட்டியலைத் தயாரித்த ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர், செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் வாங்கியதைச் சரிபார்க்காமல் கொடுத்துவிட்டதாக ஒப்புக்கொண்டார். பத்திரிகை, இது எங்கள் செய்திப் பிரிவு தயாரித்ததில்லை, வெளியிலிருந்து வாங்கிப் போட்டது என்றது. உடனே எல்லோரும் கருவியைத் திட்டினார்கள். நான் கருவியைத் திட்டப் போவதில்லை. அது தான் எழுதியது உண்மையா என்று நூலகத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வதில்லை. அந்த வேலை மனிதருடையது. எழுதியவர், வாங்கி விற்ற நிறுவனம், அச்சிட்ட பத்திரிகை என்று மூன்று கைகள் மாறி வந்த பட்டியலை, ஒரு கைகூட ஒரு நூலகப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. குற்றம் அங்கேதான்.

"அவ்வளவு நேரம் ஏது?" என்பார்கள். எவ்வளவு நேரம் என்று கணக்குப் போடுவோம். வேலை எப்படி நடக்கிறது என்று சொன்னால்தான் கணக்கு புரியும்.

அந்தப் பட்டியலில் 'மைக்ரேஷன்ஸ்' என்று ஒரு நாவல் இருந்தது. எழுதியவர் மேகி ஓ'ஃபாரெல் என்று போட்டிருந்தார்கள். தலைப்பை மட்டும் தேடினால் கிடைக்கும். 'மைக்ரேஷன்ஸ்' என்று 2020-இல் வந்த நாவல் ஒன்று உண்டு. ஆசிரியரை மட்டும் தேடினாலும் கிடைப்பார். ஓ'ஃபாரெல் 'ஹாம்னெட்' எழுதிய பெரிய நாவலாசிரியை. தலைப்பும் உண்டு, ஆசிரியரும் உண்டு, பிறகென்ன என்று அரைகுறைச் சோதனைக்காரர் டிக் போட்டுவிடுவார். ஆனால் அந்த நாவலை எழுதியவர் ஷார்லட் மெக்கோனகி. இரண்டையும் சேர்த்துத் தேடினால்தான் குட்டு வெளிப்படும். கூகுள் புக்ஸ் தளத்தில் இப்படித் தட்டலாம்:

```
intitle:migrations inauthor:mcconaghy
intitle:migrations inauthor:o'farrell
```

முதல் வரிக்குப் புத்தகம் வரும். இரண்டாவதற்கு அந்தத் தலைப்பும் அந்தப் பெயரும் ஒன்றாக உள்ள நாவல் வராது. ஏதோ வேறு புத்தகங்கள் எட்டிப் பார்க்கலாம். அட்டையில் உள்ள பெயரைப் படித்தால் விஷயம் தெரிந்துவிடும்.

இது ஒன்று மட்டும் அல்ல. 'ஹரிக்கேன் சீசன்' என்பதை பிரிட் பென்னட் எழுதியதாகப் போட்டிருந்தார்கள். அந்தத் தலைப்பில் ஃபெர்னாண்டா மெல்ச்சோர் என்ற மெக்சிகோ எழுத்தாளரின் நாவல் இருக்கிறது. 'தி லாங்கஸ்ட் டே' ருமான் ஆலம் எழுதியதாம்! நம் வயதுக்காரர்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அது நார்மண்டிப் படையிறக்கத்தைப் பற்றி கார்னீலியஸ் ரயன் 1959-இல் எழுதிய புத்தகம். படமாகவும் வந்தது. இப்படி உண்மையான தலைப்பும் உண்மையான ஆசிரியரும் பொய்யாகக் கல்யாணம் செய்துவைக்கப்பட்டால், இருவரையும் தனித்தனியாக விசாரித்துப் பயனில்லை. இருவரும் ஊரில் உண்டு. பதிவேட்டில் ஜோடியாக இருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

இன்னொரு வகை சுலபமானது. இசபெல் அலெண்டேயின் 'டைட்வாட்டர் ட்ரீம்ஸ்', மின் ஜின் லீயின் 'நைட்ஷேட் மார்க்கெட்' போன்றவை. தலைப்புக்கு அந்த ஆசிரியர் பெயரில் எங்குமே பதிவு கிடையாது. 'நைட்ஷேட் மார்க்கெட்' என்றொரு நாவலைத் தான் எழுதவுமில்லை, எழுதப் போவதுமில்லை என்று மின் ஜின் லீ தாமே அறிவிக்க வேண்டியதாயிற்று. ஒரு எழுத்தாளருக்கு வரக்கூடாத வேலை இது.

எங்கே தேடுவது என்பதும் முக்கியம். பொதுவான இணையத் தேடல் சாட்சி ஆகாது. ஒரு பட்டியலைப் பார்த்து எழுதிய இன்னொரு பட்டியல்தான் பெரும்பாலும் அங்கே கிடைக்கும். வாசகர்களே பதிவு போடும் தளங்களும் முழுச் சாட்சி ஆகாது. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் எழுதிய பதிவு வேண்டும். உலக நூலகங்களின் கூட்டுப் பட்டியலான வேர்ல்ட்கேட், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் பட்டியல், இந்த இரண்டும் முதலில். அங்கே பதிப்பகம், ஆண்டு, பக்க எண்ணிக்கை இருக்கும். வேர்ல்ட்கேட்டில் எந்தெந்த நூலக அலமாரியில் அது இருக்கிறது என்றும் தெரியும். பொய்ப் புத்தகத்துக்குக் கதைச் சுருக்கம் எழுதலாம். பக்க எண்ணிக்கையும் அலமாரியும் எங்கிருந்து கொண்டுவருவது?

ஒரு தலைப்புக்கு மூன்று நிமிடம் வையுங்கள். பதினைந்துக்கு நாற்பத்தைந்து நிமிடம். லட்சக்கணக்கானோர் படிக்கக்கூடிய பத்திரிகைக்கு அந்த முக்கால் மணி நேரம் கிடைக்கவில்லை என்றால், அந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கலாம். ஆட்குறைப்பு நடந்த அலுவலகம் என்பது எனக்குத் தெரியும். பார்க்க ஆள் இல்லை என்றால் போடாமல் இருக்க ஆள் தேவையில்லை.

இந்த இடத்தில் எதிர்ப்பக்கத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தேடிக் கிடைக்கவில்லை என்றதும் "போலி!" என்று கூவுகிற புதிய கூட்டம் ஒன்று கிளம்பியிருக்கிறது. அதுவும் தவறு. மெக்கோனகியின் அதே நாவல் ஆஸ்திரேலியாவில் 'தி லாஸ்ட் மைக்ரேஷன்' என்ற பெயரில் வந்தது. ஒரு தலைப்பில் கிடைக்காதது மற்றதில் கிடைக்கும். இன்னும் வெளிவராத புத்தகம் நூலகப் பட்டியலில் இல்லாமல் இருக்கலாம், பதிப்பகத்தின் அறிவிப்பைப் பார்க்க வேண்டும்.

நம் தமிழ்ப் புத்தகங்களின் பாடு இன்னும் மோசம். வெளிநாட்டு நூலகங்கள் தமிழ்த் தலைப்பை ரோமன் எழுத்தில் தங்கள் விதிப்படி எழுதுகின்றன. பொன்னியின் செல்வனை நாம் 's' போட்டுத் தேடுவோம். அங்கே அது `ponniyin celvan`. புதுமைப்பித்தன் என்று தேடுகிறவருக்கு விருத்தாசலம் என்ற பெயரும் நினைவிருக்க வேண்டும். ஐம்பதுகளில் சின்ன ஊர் அச்சகத்தில் வந்த புத்தகம் எந்த உலகப் பட்டியலிலும் இல்லாமல் போகலாம். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகப் பட்டியலிலோ, ஈழத்து நூலானால் நூலகம் இணையதளத்திலோ தேடாமல் அதைப் போலி என்பது அநியாயம்.

ஆகவே தீர்ப்பு மூன்று வகைப்பட வேண்டும். ஜோடியாகப் பதிவு கிடைத்தால் 'உண்டு'. தலைப்பு இன்னொருவருடையது, ஆசிரியரின் முழு நூல்வரிசையிலும் அது இல்லை என்றால் 'இல்லை'. மற்றதெல்லாம் 'இங்கெல்லாம் தேடினோம், கிடைக்கவில்லை'. மூன்றாவதை எழுதக் கூச்சப்படுகிறவர்கள்தான் பொய்யை உண்மை ஆக்குகிறார்கள், அல்லது உண்மையைப் பொய் ஆக்குகிறார்கள்.

இது புதிய ஞானம் இல்லை. ஒரு நூலகம் இன்னொரு நூலகத்திடம் புத்தகம் கடன் கேட்கும்போது நிரப்பும் அமெரிக்க நூலகச் சங்கப் படிவத்தில், இந்த விவரத்தை எங்கே சரிபார்த்தீர்கள் என்று எழுத ஒரு வரி உண்டு. இல்லாத புத்தகத்துக்காக இன்னொரு ஊர்க்காரர் அரை நாள் அலமாரி அலமாரியாக அலையக் கூடாது என்பதற்காக வைத்த வரி. இன்று பத்திரிகைப் பட்டியலை நறுக்கி எடுத்துக்கொண்டு வாசகர் நூலகத்துக்கு வந்தால் அலையப் போவதும் அதே நூலகர்தான்.

பட்டியல் போடுகிற பத்திரிகைகளுக்கும், மலர் வெளியிடுகிற சங்கங்களுக்கும், ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தில் இருநூறு நூல்களை அடுக்குகிற பிள்ளைகளுக்கும், அவற்றை எண்ணிப் பார்த்து மட்டும் கையெழுத்துப் போடுகிற வழிகாட்டிகளுக்கும் நான் கேட்பது அந்த ஒரு வரிதான். பட்டியலுக்கு அடியில் எழுதுங்கள்: ஒவ்வொன்றும் எந்தப் பட்டியலோடு, எந்தத் தேதியில், யாரால் ஒப்பிடப்பட்டது என்று. எழுத முடியவில்லை என்றால், அந்தப் பட்டியலைத் தயவுசெய்து எங்களுக்குக் கொடுக்காதீர்கள்.