வாழ்த்தில் எதற்கு விசாரணை?

நிச்சயதார்த்தப் படம் கைபேசிக்கு வந்ததும் வாழ்த்துக்கு முன்னால் ஒரு கேள்வி போகிறது: "வீட்டுல எல்லாரும் ஒத்துக்கிட்டாங்களா?" வேறு சாதி, வேறு மதம் என்றால் இந்தக் கேள்வி தவறுவதே இல்லை. கேட்பவர்கள் இதை அக்கறை என்றே நம்புகிறார்கள். குடும்பம் சம்மதித்த பிறகுதான் நண்பன் வாழ்த்த வேண்டும் என்ற நம்பிக்கை இதன் அடியில் இருக்கிறது. அந்த நம்பிக்கை தவறு. 1967-இல் அண்ணா ஆட்சி கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணச் சட்டத்தைப் பாருங்கள். இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ என்று சேர்ந்த அந்தப் பிரிவு, உறவினர்கள், நண்பர்கள் அல்லது பிறர் முன்னிலையில் இந்து மணமக்கள் ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்டால் திருமணம் செல்லும் என்கிறது. உறவினருக்குப் பக்கத்திலேயே நண்பர்களையும் வைத்த சட்டம் அது. பெரியப்பா வராத மேடையிலும் நண்பன் சாட்சியாக நிற்கலாம் என்று சட்டமே ஏற்றிருக்க, ஒரு வாழ்த்துச் சொல்ல பெரியப்பாவின் சம்மதம் எதற்கு? வயதுவந்த இருவர் மணம் செய்துகொள்ளக் குடும்பத்தின் ஒப்புதலோ சமூகத்தின் ஒப்புதலோ தேவையில்லை என்று 2018-இல் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

இப்படி ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். அம்மா சம்மதித்துவிட்டார், அப்பா பேசுவதில்லை, தாய்மாமன் தாம்பூலம் மாற்ற வரவில்லை. அவளிடம் "எப்படியோ ஒத்துக்கிட்டாங்களே" என்றால் அவள் மகிழ்ச்சியை யாரோ போட்ட பிச்சையாக்கிவிடுகிறோம். "போகப் போகச் சரியாயிடும்" என்றால் இப்போது சரியில்லை என்று நினைவூட்டுகிறோம். "உங்க அப்பா செய்றது தப்பு" என்றாலோ, நாளை அவர் மனம் மாறி வரும்போது அந்த வார்த்தை படமாக எடுக்கப்பட்டு உறவினர் குழுவில் சுற்றிக்கொண்டிருக்கும். இவற்றுக்குப் பதிலாக, "உங்க ரெண்டு பேருக்கும் மனமார்ந்த வாழ்த்துகள், கல்யாணத் தேதி முடிவானதும் சொல்லு" என்பது போதும். அதில் மணமகன் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். உறவினர் உச்சரிக்க மறுக்கும் பெயர் அதுவாகவே இருக்கும்.

பிரச்சினையைப் பேசாமல் விடுவது பாசாங்கு என்பார்கள். இல்லை. அவள் தானாகச் சொன்னால் கேட்கலாம். மிரட்டல் இருக்கிறது, வீட்டில் அடைத்து வைக்கிறார்கள் என்று தெரிந்தால் உடனே தனியாகப் பேசி உதவ வேண்டும். அந்தப் பேச்சும் வாழ்த்தும் ஒன்றல்ல. எத்தனை பவுன், மண்டபச் செலவு யாருடையது என்ற கேள்விகளும் இதே கூட்டத்தைச் சேர்ந்தவைதான். எந்தப் பெரியவரும் நிச்சயிக்காத திருமணத்துக்கும் பெரியோர்கள் நிச்சயித்ததாகவே அழைப்பிதழ் அச்சடிக்கும் பழக்கமும் அப்படித்தான். முடிவெடுத்த இருவரைப் பின்னுக்குத் தள்ளிச் சுற்றியிருப்பவர்களின் அதிகாரத்தை முன்னால் வைப்பதே இவை எல்லாவற்றின் வேலை. உறவினரின் சம்மதம் வரும், வராமலும் போகும். அதற்காகக் காத்திருக்கச் சட்டம் நண்பனைக் கட்டாயப்படுத்தவில்லை. நண்பன் தன்னைத்தானே கட்டாயப்படுத்திக்கொள்ளவும் வேண்டாம்.