பதினாறு கேஜுக்கு மூன்று பருமன்

இரும்புக் கடையில் "பதினாறு கேஜ் தகடு" என்று கேட்டால் தகடு கிடைத்துவிடும். வளைவு வரைபடத்தில் அதையே எழுதினால் பிழைக்கு இடமளித்ததாகும். கேஜ் என்பது அளவன்று, ஒரு பட்டியலின் வரிசை எண். எந்தப் பட்டியல் என்று தெரியாதவரை அந்த எண்ணுக்குப் பருமன் இல்லை.

பட்டியல்களின் பிறப்பே வேறு வேறு. 1884இல் நடைமுறைக்கு வந்த பிரித்தானியக் கம்பி கேஜ் அங்குலத்தில் அமைந்தது. அதில் 16 என்பது 1.626 மி.மீ. நம் நாட்டுப் பட்டறைகளில் பெரிதும் வழங்குவது இதுவே. அமெரிக்க எஃகுத் தகட்டுப் பட்டியல் எடையிலிருந்து வந்தது. சதுர அடிக்கு 2.5 பவுண்டு எடையுள்ள தகடு அங்கு 16, பருமன் 1.519 மி.மீ. அலுமினியத்துக்கு அமெரிக்கர் பிரௌன்-ஷார்ப் பட்டியலைக் கொள்வர். அதில் 16 என்பது 1.290 மி.மீ. மட்டுமே.

அமெரிக்க நிறுவனம் ஒன்றின் அலுமினியச் சட்ட வரைபடம், சித்தூர் மாவட்டத்து வெதுருகுப்பத்தில் ஒரு பட்டறைக்கு வருகிறது என்று கொள்வோம். 'ப' வடிவம், வெளியளவுகள் 50, 100, 50 மி.மீ.; உள் வளைவு ஆரம் 2 மி.மீ.; கே காரணி 0.4. பருமன் 1.290 எனில் ஒரு செங்கோண வளைவுக்குக் கழிக்க வேண்டியது 2.63 மி.மீ. எனவே விரிதகட்டின் நீளம் 194.74 மி.மீ. பட்டறையோ தன் பட்டியலைப் பார்த்து 1.626 மி.மீ. தகட்டை வாங்குகிறது. அதற்குக் கழிவு 3.09, நீளம் 193.82. வரைபடத்தின் நீளத்துக்கே இத்தகட்டை வெட்டினால் 0.92 மி.மீ. மிகும். இரு பக்கங்களையும் 50க்கு நிறுத்தி வளைத்தால் மிகுதி முழுவதும் நடுப்பகுதியில் சேரும். அதாவது 100 என்பது 100.9 ஆகும், துளைகள் பொருந்தா. நீளத்தைத் திருத்தி வெட்டினாலும் சிக்கல் முழுதும் தீராது: வெளியளவு சரியாகும், உள் அகலமோ 97.42இலிருந்து 96.75ஆகக் குறையும். உள்ளே அமர வேண்டிய பொருள் இறுகும்.

பட்டறைக்காரரைக் குறை கூறுவது நியாயமன்று. அவர் தம் பட்டியலைச் சரியாகவே படித்தார். குறை வரைந்தவருடையது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் முறையை ஏற்ற நாட்டில், வளைவு வரைபடத்தில் கேஜ் எண்ணுக்கு இடமிருக்கக் கூடாது. உலோகத்தின் பெயரும் மில்லிமீட்டர் பருமனும் போதும்.

மில்லிமீட்டரும் முடிவான சொல் அன்று. தகடு உருட்டப்படுகையில் சிறிது கூடும், குறையும். ஆகவே வந்த தகட்டை மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். பின் 100 மி.மீ. துண்டு ஒன்றை வெட்டி, அதே அச்சில் செங்கோணமாக வளைத்து, இரு கால்களின் வெளியளவைக் கூட்டி 100ஐக் கழித்தால், மிஞ்சுவதே அத்தகட்டின் உண்மையான கழிவு. எந்தப் பட்டியலும் இதற்கு ஈடாகாது.