கட்டிலுக்குப் பக்கத்தில் யுஎஸ்பி சாக்கெட்: முதலில் பார்க்க வேண்டியது நியூட்ரல்!

புதுக்கோட்டை மாவட்டத்தில் இன்று புது வீடு கட்டுகிறவர்களும் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்களும் எலக்ட்ரீஷியனிடம் தவறாமல் கேட்கும் ஒன்று உண்டு. "கட்டில் பக்கத்துல செல்போன் சார்ஜ் போட யுஎஸ்பி பாயிண்ட் ஒண்ணு வச்சிடுங்கண்ணே." நியாயமான ஆசைதான். ஆனால் கடையில் பிராண்டையும் நிறத்தையும் பார்க்கிறவர்கள், அந்தப் போர்டுக்குள் என்னென்ன ஒயர் வந்திருக்கிறது என்று பார்ப்பதில்லை. கோளாறு தொடங்குவது அங்கேதான்.

ஆலங்குடிப் பக்கம் பதினைந்து வருடம் முன்பு கட்டிய ஒரு வீட்டை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கதவருகே பெரிய போர்டு. கட்டில் தலைமாட்டில் ஒரே ஒரு டூ-வே சுவிட்ச், படுத்தபடியே லைட்டை அணைப்பதற்கு. அந்தச் சின்னப் பெட்டிக்கு வருவது மூன்று ஒயர்கள் மட்டும்: கதவு போர்டிலிருந்து இரண்டு, அங்கிருந்து லைட்டுக்குப் போவது ஒன்று. லைட்டுக்கான நியூட்ரல் இந்தப் பெட்டிக்குள் வராமல் நேராகப் போய்விடும். எப்போதும் உயிரோடு இருக்கும் பேஸ் ஒயரும் இங்கே கிடையாது. வருகிற இரண்டு ஒயர்களில் எதில் மின்சாரம் இருக்கிறது என்பது, கதவருகே உள்ள சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

யுஎஸ்பி மாட்யூல் என்பது சுவிட்ச் போன்றதல்ல. அதற்குள் ஒரு முழு சார்ஜரே இருக்கிறது. 230 வோல்ட்டை 5 வோல்ட்டாக மாற்ற அதற்குப் பேஸும் வேண்டும், நியூட்ரலும் வேண்டும். இரண்டும் இல்லாத பெட்டியில் அவசரக்காரர் செய்யும் குறுக்குவழி: ஒரு டூ-வே ஒயரைப் பேஸாக எடுத்து, எங்கிருந்தாவது வரும் பச்சை எர்த் ஒயரை நியூட்ரலாகக் கொடுத்துவிடுவது. போன் சார்ஜ் ஏறும். வீட்டுக்காரருக்கும் சந்தோஷம்!

ஆனால் எர்த் ஒயர் என்பது கரண்ட் ஓடுவதற்கான பாதை அல்ல. கிரைண்டர், பிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாவற்றின் உடம்பும் அந்த ஒயரோடுதான் சேர்ந்திருக்கிறது. புதுக்கோட்டையின் செம்மண்ணும் சரளையும் கோடையில் காய்ந்துவிட்டால் எர்த் குழியின் பிடிப்பு குறையும். குழிக்குப் போகும் ஒயர் துருப்பிடித்து அறுந்தால் நிலைமை இன்னும் மோசம். அப்போது அந்த மாட்யூல் வழியாக வரும் கரண்ட் போக வழியில்லாமல் வீட்டிலுள்ள அத்தனை இரும்புச் சாமான்களிலும் ஏறி நிற்கும். ஷாக் அடிப்பது போன் சார்ஜ் போட்டவருக்கு அல்ல, அடுப்படியில் கிரைண்டரைத் தொட்டவருக்கு.

இதைக் கண்டுபிடிக்க அறிகுறிகள் உண்டு. கதவருகே லைட் சுவிட்சைத் தட்டினால் சார்ஜ் நின்றுவிடுகிறதா? பேஸ் டூ-வே ஒயரிலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது. போனைச் செருகியதும் ஆர்சிசிபி டிரிப் ஆகிறதா? நியூட்ரலுக்குப் பதில் எர்த் கொடுத்திருக்க அதிக வாய்ப்பு. வீடுகளில் மாட்டும் ஆர்சிசிபி பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுந்துவிடும். 10 வாட் சார்ஜர் இழுப்பது அதைவிட அதிகம். "அடிக்கடி விழுது" என்று ஆர்சிசிபியைக் கழற்றச் சொல்வதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது.

சரியான வழி ஒன்றும் கஷ்டமில்லை. அதே அறையில் ஏற்கெனவே உள்ள பிளக் பாயிண்ட்டிலிருந்து பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றையும் 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் கட்டில் பெட்டிக்கு இழுக்க வேண்டும். பழைய பைப்பில் இடமில்லை என்றால் சுவரின் மேல் கேசிங் பட்டி அடித்துக் கொண்டுவரலாம். பார்க்கக் கொஞ்சம் அசிங்கம்தான். உயிருக்கு முன்னால் அது பெரிதா? பெட்டியின் ஆழத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். யுஎஸ்பி மாட்யூல் சுவிட்சைவிடப் பின்பக்கம் நீளமானது. ஆழமில்லாத பெட்டியில் திணித்தால் ஒயர்கள் நசுங்கும், சூடும் வெளியேறாது.

அடுத்து, மாட்யூலில் அச்சிட்டிருக்கும் எண். 5 வோல்ட், 2.1 ஆம்பியர் என்றால் 10.5 வாட். இரண்டு துளைகள் இருந்தால் அது பெரும்பாலும் இரண்டுக்கும் சேர்த்துத்தான், ஆளுக்குப் பாதி. 5000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியில் ஏறக்குறைய 19 வாட்-மணி சக்தி இருக்கும். 5 வாட்டில் அது நிரம்ப நான்கைந்து மணி நேரம் ஆகலாம். இரவு முழுக்கத் தூங்குகிறவருக்கு அது போதும். காலையில் அரை மணியில் கிளம்ப வேண்டியவருக்குப் போதாது. வேகமாக ஏற வேண்டுமானால் பிடி வசதியுள்ள சி வகைத் துளைதான் வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் சி வகைக்கான தரநிலையை 2023 ஜனவரியில் வெளியிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் புதிய போன்களுக்கு அதைக் கட்டாயமாக்கிவிட்டது. எனவே பழைய ஏ வகைத் துளை மட்டும் உள்ள மாட்யூலை இன்று சுவரில் புதைப்பது வீண் செலவு.

இனி மல்டி-பின் சாக்கெட். எந்த நாட்டு பிளக்கும் நுழையும் என்பதுதான் அதன் பெருமை, அதன் பலவீனமும் அதுவே. நம் ஊர் 6 ஆம்பியர் மூன்று பின் பிளக்கின் கம்பி சுமார் 5 மில்லிமீட்டர் தடிமன். செல்போன் சார்ஜரின் மெல்லிய இரண்டு பின் 4 மில்லிமீட்டர்தான். இரண்டையும் ஏற்கும் துளை, மெல்லியதை இறுக்கிப் பிடிக்காமல் போகலாம். பிடி தளர்ந்தால் உள்ளே தீப்பொறி பறக்கும், சூடேறும். சார்ஜர் தலை தொங்குகிறதா, 'சர்ர்' என்று மெல்லிய சத்தம் வருகிறதா, துளையைச் சுற்றிப் பழுப்பு நிறம் படர்கிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் சாக்கெட்டை மாற்றிவிட வேண்டும். மெத்தையும் கொசுவலையும் பக்கத்தில் இருக்கும் இடம் அது. கடையிலேயே சொந்தச் சார்ஜரைச் செருகி இழுத்துப் பார்த்து வாங்குவது நல்லது. ஐ.எஸ். 1293 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

6 ஆம்பியரும் 16 ஆம்பியரும் சேர்ந்த சாக்கெட்டைக் கட்டில் பக்கம் வைக்கவே கூடாது. துளை இருந்தால் என்றாவது ஒருநாள் 1500 வாட் வாட்டர் ஹீட்டரைச் செருகுவார்கள். அது இழுப்பது 6.5 ஆம்பியர். லைட் லைனிலிருந்து வந்த ஒயரும் 6 ஆம்பியர் சுவிட்சும் அதற்கானவை அல்ல.

கடைசியாக ஒரு கேள்வி. யுஎஸ்பி மாட்யூல் தேவைதானா? மின்கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் வீட்டுக்குள் 400 வோல்ட் அளவுக்கும் ஏறலாம். சார்ஜரைப் பிடுங்கி வைத்திருந்தால் அது தப்பிக்கும். சுவரில் புதைத்த மாட்யூலைப் பிடுங்க முடியாது. ஆகவே அதை வைப்பவர்கள் அதற்கென்று தனி சுவிட்ச் வைத்து, வேலை முடிந்ததும் அணைத்துவிட வேண்டும். அதைவிட, சுவிட்சோடு கூடிய நல்ல 6 ஆம்பியர் ஐந்து பின் சாக்கெட் இரண்டை மெத்தை மட்டத்துக்கு மேலே வைப்பதே புத்திசாலித்தனம். போன் மாறினால் சார்ஜரை மாற்றிக்கொள்ளலாம், சுவரை இடிக்க வேண்டியதில்லை!