கன அளவை வகுத்தால் பெட்டி அடங்காது



போன வாரம் பிள்ளையார்பாளையத்தில் என் பழைய மாணவர் ஒருவரைப் பார்த்தேன். துண்டு, வேட்டி வாங்கி மலேசியாவுக்குக் கப்பலில் அனுப்புகிறார். முகம் வாடியிருந்தது. "சார், 340 பெட்டி ஏறும்னு கணக்குப் போட்டேன். 85 பெட்டி வெளியே நிக்குது" என்றார்.

அவர் போட்டது நான் சொல்லிக்கொடுத்த கணக்குதான். இருபது அடி கன்டெய்னரின் உள்ளளவு ஏறத்தாழ நீளம் 589 செ.மீ., அகலம் 235, உயரம் 239. பெருக்கினால் 33 கன மீட்டர். அவருடைய பெட்டி 60 x 40 x 40 செ.மீ., அதாவது 0.096 கன மீட்டர். வகுத்தால் 344 வரும்.

ஆனால் பெட்டி தண்ணீர் அல்லவே! மூன்றரைச் சேலைக்குப் பாவு இருந்தாலும் தறியிலிருந்து இறங்குவது மூன்று முழுச் சேலைதான். அதுபோல ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே வகுத்து, மீதியைத் தள்ள வேண்டும்.

சரக்கு நிரப்பினால் அட்டைப்பெட்டி புடைக்கும். அதனால் பக்கத்துக்கு 1 செ.மீ. கூட்டி 61, 41, 41 என்று வைத்துக்கொள்வோம். அகலத்தில் 61 மூன்று, 41 ஒன்று வைத்தால் 224. நீளவாக்கில் முதல் மூன்று வரிசையில் தலா 14, நான்காவதில் 9. ஆக ஓர் அடுக்குக்கு 51. உயரத்தில் 5 அடுக்கு போக 34 செ.மீ. வீண். மொத்தம் 255. அவருக்கு ஏறியதும் அதுவேதான்.

இதற்கு வழி பெரிய கன்டெய்னர் அல்ல. பெட்டியின் உயரத்தை 38 ஆக்கினால், புடைப்போடு 39. ஆறு அடுக்குக்கு 234, கூரைக்குள் அடங்குகிறது. 306 பெட்டி. ஆனால் கதவின் உயரம் 228தான். உள்ளே ஆள் நின்று தூக்கி வைக்கும்வரை ஆறாவது அடுக்கு ஏறும். கதவோரக் கடைசி வரிசையில் மேல்பெட்டி நாலும் நுழையாது. எனவே 302 என்று சொல்லுங்கள். பெட்டி சிறியதானாலும் மொத்தச் சரக்கு 24.5 கன மீட்டரிலிருந்து 27.5 ஆகிறது. பக்கவாட்டில் மிஞ்சும் 11 செ.மீ. இடைவெளியை அடைக்க மறக்கக் கூடாது. கடலில் ஆடும்போது அடுக்கு சரியும்.

துணி இலேசான சரக்கு, இடம்தான் முதலில் தீரும். பித்தளை விளக்கு என்றால் எடைதான் முதலில் தீரும். கதவில் எழுதியிருக்கும் எடை வரம்பையும் பார்க்க வேண்டும்.

"ஒரு பெரிய பெட்டிக்குள் எத்தனை சிறிய பெட்டிகள் அடங்கும்?" என்று கேட்டுவிட்டு, மீதியில்லாமல் வகுபடும் எண்களையே பலகையில் எழுதி வந்தேன். அது என் தவறு. இன்று வகுப்பெடுக்கும் ஆசிரியர்கள் வகுபடாத எண்களைக் கொடுங்கள். பிள்ளைகள் ஒரு தீப்பெட்டியையும் அட்டைப்பெட்டியையும் வைத்து அடுக்கிப் பார்க்கட்டும். மீதி எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்தவன், பிறகு பணத்தைக் கொட்டிக் கற்க வேண்டியதில்லை.