பள்ளத்துக்கு யார் பொறுப்பு?

ஆசிரியருக்கு,

எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடைக்காக 3 மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டுகிறார்கள். ஆழம் 1.5 மீட்டரைத் தாண்டினாலே பக்கச் சுவர்களுக்குப் பலகை வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். அள்ளிய மண்ணை விளிம்பிலிருந்து 1.5 மீட்டராவது தள்ளிக் கொட்ட வேண்டும். இங்கே முட்டு இல்லை, மண்ணோ விளிம்பிலேயே கிடக்கிறது. நேற்று மழை விட்டதும் விளிம்பையொட்டி நீளவாக்கில் ஒரு விரிசலைக் கண்டேன். சரிவதற்கு முன் மண் காட்டும் அடையாளம் அதுதான். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன் கனக்கும். மார்பளவு புதைந்தாலே மூச்சு முட்டும்.

யார் பொறுப்பு என்று கேட்டேன். ஆளுக்கு ஒருவரைக் கைகாட்டினார்கள். தினமும் காலையிலும் மழைக்குப் பிறகும் பள்ளத்தைச் சோதித்து, வேலையை நிறுத்தும் அதிகாரமுள்ள ஒருவர் அங்கே இருக்க வேண்டும். சரிந்துவிட்டால் மற்றவர்கள் உள்ளே குதிக்கக் கூடாது, புதைந்தவர் அருகே பொக்லைனை இறக்கவும் கூடாது. உடனே 101, 108 எண்களை அழைக்க வேண்டும். இதைத் தொழிலாளர்களுக்கு இன்றே சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற கட்டட மேற்பார்வையாளர்,
மதுரை